காற்றில் கெட்டுப்போன குரலை வீட்டிலேயே மாற்றுவது: ஒரு போன், நான்கு போர்வை, ஒரு மூலை

மொட்டை மாடியில் தோட்ட வீடியோ எடுத்தாகிவிட்டது. படம் தெளிவு. குரல்தான் காற்றின் படபடப்பில் பாதி காணாமல் போய்விட்டது. திரும்ப எடுக்கலாமென்றால் தக்காளி பறித்தாகிவிட்டது, செடியையும் பிடுங்கியாகிவிட்டது. அந்த வீடியோவுக்குப் புதிதாகக் குரல் பதிந்து, பழையதை எடுத்துவிட்டுப் பொருத்துவது எப்படி என்பதை மட்டும் இங்கே பார்க்கப்போகிறோம். எடுத்துக்காட்டுக்கு 4 நிமிட வீடியோ என்று வைத்துக்கொள்வோம். பாதி நேரம் பேசுபவரின் முகம் தெரிகிறது, மீதி நேரம் கையும் செடியும்.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். போர்வை எதிரொலியைக் குறைக்கும். வெளிச் சத்தத்தைத் தடுக்காது. தெருவில் போகும் ஆட்டோ சத்தத்தை நிறுத்தக் கனமான சுவர் வேண்டும், துணியால் முடியாது. ஆகவே அமைதியை நேரம் பார்த்துப் பிடிக்க வேண்டும், எதிரொலியைப் போர்வையால் அடக்க வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டு, சன்னலுக்கு மூன்று போர்வை தொங்கவிட்டுவிட்டு "இன்னும் ஹாரன் கேட்குதே" என்று அலுத்துக்கொள்பவர்கள் நிறைய.

செலவு என்று பெரிதாக எதுவும் இல்லை. ஒரு நைலான் கயிறு, இரண்டு டஜன் துணி கிளிப், கம்பி வைத்த ஒரு சாதாரண இயர்போன், வீடியோவை ஓட்ட இரண்டாவது போன் அல்லது லேப்டாப். போர்வைகள் வீட்டிலேயே இருக்கும். நேரம்தான் பெரிய செலவு: 4 நிமிட வீடியோவுக்குத் தாள் தயாரிக்க ஒரு மணி நேரம், மூலையை அமைக்க முதல் முறை 40 நிமிடம், பதிவுக்கு ஒரு மணி நேரம், பொருத்த இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்க நினைக்க வேண்டாம். ஆனால் பதிவை மட்டும் ஒரே அமர்வில் முடித்துவிடுங்கள். மறுநாள் தொண்டையும் வேறு, போர்வை தொங்கும் விதமும் வேறு. காது உடனே கண்டுபிடித்துவிடும்.

1. பழைய குரலைத் தாளில் இறக்குங்கள்

இந்த வேலைக்குத் தேவையான ஒரே ஆவணம் இதுதான். இதைத் தவிர்த்துவிட்டு நேராகப் பேச உட்காருபவர்கள் இரண்டு மடங்கு நேரம் இழக்கிறார்கள்.

வீடியோவை இயர்போனில் கேட்டு, பேசியதைப் பேசியபடியே எழுதுங்கள். "வந்து", "பாத்தீங்கன்னா" எல்லாம் உட்பட. அழகுபடுத்தத் தோன்றும், முகம் தெரியும் இடத்தில் செய்யாதீர்கள், உதடு வேறு சொல்லும். ஒரு மூச்சில் சொன்னதை ஒரு வரியாக வைத்து எண் போடுங்கள். 4 நிமிடத்துக்கு ஏறக்குறைய 30 முதல் 40 வரி வரும். ஒவ்வொரு வரிக்கும் நான்கு விவரம் போதும்:

வரி 7 | 1:12.0 – 1:15.5 | முகம் | "இந்த மண்ணுல பாதிக்குப் பாதி மண்புழு உரம்"
வரி 8 | 1:16.2 – 1:19.0 | கை | "கையில எடுத்தா இப்படி உதிரணும்"

மூன்றாவது விவரம், அதாவது முகமா கையா என்பது, பின்னால் நிறைய உழைப்பை மிச்சப்படுத்தும். கை தெரியும் வரிகளில் அரை நொடி முன்பின் போனாலும் யாருக்கும் தெரியாது; சொற்களையும் தாராளமாக மாற்றலாம். முகம் தெரியும் வரிகளுக்கு மட்டுமே அந்தப் பொருத்தும் பாடு.

முக வரிகளில் ப, ம எழுத்துகளை அடிக்கோடிடுங்கள். இவற்றுக்கு உதடு முழுவதும் மூடித் திறக்கும். பார்ப்பவரின் கண் பிடிப்பது அந்த இடங்களைத்தான். வரி 7-இல் "மண்ணுல" என்பதன் ம, "பாதிக்குப் பாதி" என்பதன் ப-க்கள், "மண்புழு"வின் ம-வும் ப-வும் சரியாக விழுந்துவிட்டால் இடையில் உள்ள க, ண, த எல்லாம் கொஞ்சம் நழுவினாலும் தெரியாது. ஒரு சொல்லை மாற்றியே ஆக வேண்டுமென்றால், அதே இடத்தில் ப அல்லது ம வரும் சொல்லாகத் தேடுங்கள்.

தாளை ஒரு பக்கம் மட்டும், பெரிய எழுத்தில், வரி முடியாமல் பக்கம் திரும்பாதபடி எழுதுங்கள். பதியும்போது தாளைத் திருப்பும் சரசரப்பு நன்றாகவே கேட்கும்.

2. அமைதியான அறை, அமைதியான வேளை

தெருப் பக்கச் சன்னலும் சமையலறைச் சுவரும் இல்லாத அறை எதுவோ அதுவே உங்கள் அறை. அங்கே போய் ஒரு நிமிடம் கண்மூடி நில்லுங்கள். பகல் முழுக்கக் காதில் விழாத பத்துச் சத்தம் அப்போது விழும்: ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டரின் ரீங்காரம், பழைய டியூப்லைட் சோக், சுவர்க் கடிகாரம், மோட்டார், பக்கத்து வீட்டு ஏசி. இவற்றில் உங்கள் கையில் இருப்பதை எல்லாம் நிறுத்துங்கள். மின்விசிறியைக் கட்டாயம் நிறுத்த வேண்டும். காற்று மைக்கில் படுவது ஒரு பக்கம், போர்வை ஆடுவது இன்னொரு பக்கம். ஃபிரிட்ஜை நிறுத்தினால் கார் சாவியையோ வீட்டுச் சாவியையோ அதற்குள் வைத்துவிடுங்கள். வேலை முடிந்ததும் திரும்பப் போட மறக்க முடியாது.

எல்லோரும் சொல்வது இரவு 11 மணிக்கு மேல் பதியுங்கள் என்பதுதான். அமைதி அப்போது அதிகம், மறுப்பதற்கில்லை. ஆனால் இரவில் வீட்டார் தூங்குவதால் குரல் தானாகவே தணிந்துவிடும். மாடியில் காற்றோடு மல்லுக்கட்டிச் சத்தமாகப் பேசிய முகத்துக்கு, காதோடு ரகசியம் சொல்வது போன்ற குரல் ஒட்டவே ஒட்டாது. ஒலியளவை ஏற்றினாலும் சரியாகாது, ஏனென்றால் தணிந்த குரலின் நிறமே வேறு. சத்தமாகப் பேச இடமிருந்தால் இரவு. இல்லையென்றால் பள்ளிப் பிள்ளைகள் திரும்புவதற்கு முன்னால், குக்கர் விசில்கள் ஓய்ந்த பிற்பகல் 2 மணி வாக்கில் பாருங்கள். விடியற்காலை அமைதியாக இருக்கும் என்று நம்பி எழுந்திருக்காதீர்கள். காக்கையும் குயிலும் உங்களுக்கு முன்பே எழுந்துவிடும்.

3. போர்வை மூலை

இந்தப் படியில் அவசரப்பட வேண்டாம். மாடி என்பது திறந்தவெளி. அங்கே குரல் போய்ச் சுவரில் பட்டுத் திரும்பாது. மாடிக் காட்சியின் மேல் அறை எதிரொலியோடு ஒரு குரல் வந்தால், குளியலறையில் பேசியதை ஒட்டிவிட்டார்கள் என்று குழந்தைக்கும் தெரிந்துவிடும். அதோடு பதிந்த பிறகு எதிரொலியை எடுப்பது மிகக் கடினம். இரைச்சலையாவது ஓரளவு கழிக்கலாம்.

துணி தேர்வு: போர்வையை வாயில் அழுத்தி ஊதிப் பாருங்கள். காற்று முக்கி முனகி உள்ளே போனால் நல்ல துணி. தங்கு தடையில்லாமல் போனால் (துப்பட்டா, மெல்லிய படுக்கை விரிப்பு) அது ஒலியைப் பிடிக்காது. காற்றே போகாவிட்டால் (ரெக்சின், பிளாஸ்டிக் உறை பிரிக்காத மெத்தை) அது சுவரைப் போலத் திருப்பி அனுப்பும். தடித்த சோலாப்பூர் போர்வை, கம்பளி, பஞ்சு வைத்த ரஜாய் மூன்றும் நல்லவை. முட்டை அட்டையும் தெர்மாகோலும் இந்த வேலைக்கு உதவாது. இருந்தால் கடைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

தொங்கவிடும் விதம்: போர்வையைச் சுவரோடு ஒட்டி ஆணியடிப்பதுதான் பெரும்பாலானோர் செய்யும் தவறு. இழைகளுக்கு நடுவே காற்று முன்னும் பின்னும் அசைந்து உரசும்போதுதான் ஒலியின் வலு கரைகிறது. சுவரை ஒட்டிய காற்று அசைவதே இல்லை, சுவர் விடாது. ஆகவே சுவரிலிருந்து நான்கு விரல், முடிந்தால் 10 சென்டிமீட்டர் தள்ளிக் கயிறு கட்டி, இரண்டாக மடித்து, சேலைக் கொசுவம்போல மடிப்பு விழத் தொங்கவிடுங்கள். விறைப்பாக இழுத்துக் கட்டியதைவிட இப்படித் தொங்கும் போர்வை குரலின் நடுப்பகுதியை எவ்வளவோ நன்றாகப் பிடிக்கும். கயிறு கட்ட வழியில்லையென்றால் துணி காயப்போடும் ஸ்டாண்டு போதும்.

அமைப்பு: மூலையைப் பார்த்து நில்லுங்கள், மூலையிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் தள்ளி. இடச் சுவருக்கு ஒரு போர்வை, வலச் சுவருக்கு ஒன்று. உங்கள் குரல் முதலில் பாயும் திசை இது. மூன்றாவது போர்வையை முதுகுக்குப் பின்னால் தொங்கவிடுங்கள், அல்லது மெத்தையை நிமிர்த்தி வையுங்கள். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். போனின் மைக் எல்லாத் திசையிலிருந்தும் கேட்கும். உங்கள் பின்னால் உள்ள வெறும் சுவரில் பட்டுத் திரும்புவதும் அதில் பதியும். நான்காவது போர்வையை மடித்துக் காலடியில் விரியுங்கள். டைல்ஸ் தரையில் பாய் மட்டும் போட்டால் பயனில்லை.

இனி கை தட்டிப் பாருங்கள், வாய் இருக்கும் உயரத்தில். தட்டியதும் சத்தம் அங்கேயே செத்துவிட்டால் சரி. பின்னால் "ட்ரிங்" என்று ஒரு வால் தொங்கினால் எங்கோ இரண்டு வெறும் பரப்புகள் எதிரெதிராக நிற்கின்றன. பெரும்பாலும் கூரையும் தரையும், அல்லது மூடாமல் விட்ட அலமாரிக் கதவு.

போர்வையைத் தலையோடு முக்காடு போட்டுக்கொண்டு பேசுவதும், துணி அலமாரிக்குள் தலையை விடுவதும் அவசரத்துக்கு ஆகும். ஆனால் துணி கூர்மையான ஒலிகளை மட்டும் விழுங்கிவிட்டுத் தடித்த ஒலிகளை விட்டுவிடும். இடம் எவ்வளவு குறுகலோ அவ்வளவுக்குக் குரல் பெட்டிக்குள்ளிருந்து வருவதுபோல உப்பிக்கொள்ளும். மேலே திறந்திருக்கட்டும். உங்களுக்கும் மூச்சு விட வேண்டும்.

4. போனைத் தயார் செய்வது

உறையைக் கழற்றுங்கள். பேசும் மைக் பெரும்பாலும் கீழ் விளிம்பில், சார்ஜ் ஏற்றும் துளைக்குப் பக்கத்தில் இருக்கும். உறுதி செய்ய, பதிவை ஓடவிட்டு, "கீழ்", "மேல்", "பின்" என்று சொல்லிக்கொண்டே அந்தந்த இடத்தை நகத்தால் மெல்லச் சுரண்டுங்கள். கேட்டுப் பார்த்தால் எங்கே சுரண்டல் பெரிதாக விழுந்தது என்று தெரியும். துளையில் ஊசி விட்டுச் சுத்தம் செய்ய வேண்டாம், மைக் போய்விடும்.

விமானப் பயன்முறையில் போடுங்கள். புளூடூத்தை அணைத்துவிட்டதைத் தனியாகப் பாருங்கள். அலாரம் இருந்தால் எடுத்துவிடுங்கள், அது எதற்கும் அடங்காது. சார்ஜரைப் பிடுங்குங்கள்.

பதிவுக்கு வாட்ஸ்அப் குரல் செய்தி வேண்டாம், அது குரலை நன்றாகச் சுருக்கிவிடும். போனோடு வரும் குரல் பதிவு ஆப்பில் தரத்தை உச்சத்துக்கு வையுங்கள். WAV கிடைத்தால் WAV, 48,000 ஹெர்ட்ஸ். ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 எம்பி ஆகும். ஒரு மணி நேரத்துக்கு 350 எம்பி இடம் வையுங்கள். ஐபோனில் வாய்ஸ் மெமோஸ் ஆப்புக்கான அமைப்புகளில் Audio Quality என்ற இடத்தில் Lossless என்று மாற்றலாம்.

போன்கள் நமக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டு இரண்டு காரியம் செய்யும். ஒன்று, ஒலியளவைத் தானே ஏற்றி இறக்குவது. ஒரு வரி பேசி, ஐந்து நொடி சும்மா இருந்து, இன்னொரு வரி பேசிக் கேளுங்கள். இடைவெளியில் "ஸ்ஸ்" என்ற இரைச்சல் மெல்ல வளர்ந்து, அடுத்த வரியின் முதல் எழுத்து அதட்டலாக விழுந்தால் அந்த வேலை நடக்கிறது. இரண்டாவது, இரைச்சல் நீக்கம். சொல்லின் கடைசி "உம்", "இல்" எல்லாம் விழுங்கப்பட்டு, தண்ணீருக்கடியில் பேசியதுபோல் இருந்தால் அது. ஆப்பின் அமைப்புகளில் இவற்றை அணைக்க வழி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் ஆண்ட்ராய்டில் Open Camera ஆப்பின் Audio source அமைப்பில் Unprocessed என்று வைத்து வீடியோவாகவே பதிந்துவிட்டு, ஒலியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். எல்லாப் போனிலும் இது ஒரே மாதிரி வேலை செய்யாது. உங்கள் போனில் இரண்டு வழியிலும் பதிந்து கேட்டு முடிவெடுங்கள்.

5. வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண்

மாடியில் நின்று பேசினீர்கள் என்றால் இங்கேயும் நின்று பேசுங்கள். போனைக் கையில் பிடிக்காதீர்கள், விரல் அசைவது கூடக் கேட்கும். ட்ரைபாட் இருந்தால் நல்லது. இல்லையென்றால் மேசைமேல் ஸ்டூல், ஸ்டூல்மேல் தலையணை, அதன்மேல் போன். மைக் உள்ள விளிம்பு உங்களைப் பார்க்க வேண்டும், தலையணைக்கு வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். வெறும் மேசைமேல் போனைப் படுக்க வைத்தால் குரல் நேராகவும் மேசையில் பட்டுத் திரும்பியும் இரண்டு முறை வந்து சேரும். இரண்டும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு குரல் குழாய்க்குள் பேசியதுபோல் ஆகிவிடும்.

தூரம் ஒரு சாண். அரை மீட்டருக்குப் போனால் குரல் தேய்ந்து அறை மேலெழும். நான்கு விரல் கிட்டத்தில் வந்தால் மூச்சும் எச்சில் ஒலியும் பெரிதாகும். தூரத்தைப் பாதியாக்கினால் குரல் 6 டெசிபல் ஏறும் என்பது கணக்கு. நீங்கள் தலையை முன்னும் பின்னும் ஆட்டினால் பதிவில் அது அப்படியே தெரியும் என்பதும் அதே கணக்குதான். காலடிப் போர்வையில் குதிகால் இருக்கும் இடத்தில் ஒரு டேப் ஒட்டிவிடுங்கள்.

வாய்க்கு நேராக வைக்காமல், கன்னத்தின் பக்கமாகக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். "பாருங்க", "பெரிய" என்று அழுத்திச் சொல்லும்போது வரும் காற்று மைக்கில் மோதாமல் பக்கத்தில் போய்விடும். பலர் மைக்மேல் கைக்குட்டையைச் சுற்றுகிறார்கள். காற்று நிற்கும், கூடவே குரலின் தெளிவும் மங்கும். ஒதுக்கி வைப்பதே போதும்.

வளையல், கொலுசு, கைக்கடிகாரம் கழற்றிவிடுங்கள். சலசலக்காத பருத்தி உடை. தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். பதிவுக்கு முன் பாலும் காபியும் வேண்டாம், வாய் ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு சொல்லுக்கும் "ட்சக்" என்று சத்தம் வரும்.

6. முப்பது நொடி மௌனம், மூன்று வரி சோதனை

முதலில் அசையாமல் நின்று 30 நொடி மௌனத்தைப் பதியுங்கள். இதை அழிக்காதீர்கள். வரிகளுக்கு இடையே ஒட்டவும், இரைச்சல் கழிக்கவும் இது வேண்டும். பிறகு தாளிலிருந்து மிகச் சத்தமான ஒரு வரி, மிக மெல்லிய ஒரு வரி, ஸ, ச, ஷ நிறைந்த ஒரு வரி பதிந்து இயர்போனில் கேளுங்கள். திரையில் மேடும் பள்ளமுமாகத் தெரியும் அலைவடிவம் உயரத்தில் பாதியைத் தொட்டால் போதும். உச்சியில் தட்டையாக வெட்டப்பட்டதுபோல் இருந்தால் குரல் கிழிந்துவிட்டது, அதை எந்த மென்பொருளும் முழுசாகச் சரிசெய்யாது. குரலைத் தணிக்காதீர்கள், போனை இன்னும் நான்கு விரல் தள்ளி வையுங்கள்.

7. கேள், சொல், மறுபடி சொல்

வீடியோவை இரண்டாவது போனில் ஓட்டி, கம்பி இயர்போனை ஒரு காதில் மட்டும் மாட்டுங்கள். மற்றக் காது உங்கள் சொந்தக் குரலைக் கேட்கட்டும். புளூடூத் இயர்போன் இந்த வேலைக்கு ஆகாது. அது ஒலியைத் தாமதித்தே தரும். பதியும் போனோடு இணைந்துவிட்டால் இன்னும் மோசம்: போன் தன் மைக்கை விட்டுவிட்டு இயர்போனின் மைக்கில் பதியத் தொடங்கும். ஒரு மணி நேரம் பேசி முடித்துக் கேட்டால் தொலைபேசிக் குரல்தான் இருக்கும்.

டப்பிங் கூடங்களில் வரிக்கு முன்னால் ஒரு நொடி இடைவெளியில் மூன்று "பீப்" கொடுத்து, நான்காவது விழ வேண்டிய இடத்தில் பேச ஆரம்பிப்பார்கள். பழகியவர்களுக்கு அது எளிது. புதியவர்களுக்கு இன்னொரு வழி நன்றாக வருகிறது. வரி 7-ஐ மூன்று முறை கேளுங்கள். வீடியோவை நிறுத்துங்கள். அதன் தாளம் காதில் இருக்கும்போதே மூன்று முறை தொடர்ந்து சொல்லுங்கள். நம் குரல்தானே, இழுத்த இடம், நிறுத்திய இடம் எல்லாம் தானாக வந்துவிடும். மூன்றில் ஒன்று பெரும்பாலும் கால் நொடிக்குள் பொருந்தும்.

ஒவ்வொரு வரிக்கும் முன் எண்ணைச் சொல்லுங்கள்: "வரி ஏழு". அதன்பின் ஒரு நொடி விட்டு ஆரம்பியுங்கள். நன்றாக வந்ததும் ஒரு கைதட்டல். அலைவடிவத்தில் அது குச்சிபோல் நிற்கும், பின்னால் தேட வேண்டியிருக்காது. பதிவை நிறுத்தி நிறுத்தித் தொடங்காமல், பத்து வரிக்கு ஒரு கோப்பாக ஓடவிடுங்கள்.

குரலின் வேகமும் அழுத்தமும்தான் இங்கே சிக்கல். போன் ஒரு சாண் தூரத்தில் இருப்பதால் அதோடு பேசத் தோன்றும். பேசாதீர்கள். போர்வைக்கு அப்பால், இரண்டு மீட்டர் தள்ளி, மாடியில் காமிரா பிடித்தவர் நிற்பதாக வைத்துக்கொண்டு அவரிடம் சொல்லுங்கள். வீடியோவில் கையை வீசிக்கொண்டு பேசியிருந்தால் இங்கேயும் கையை வீசுங்கள், போர்வையில் படாமல். குனிந்து செடியைத் தூக்கிக்கொண்டே சொன்ன வரி என்றால் கொஞ்சம் குனிந்தே சொல்லுங்கள். மூச்சு மாறும், படத்தோடு ஒட்டவைப்பது அந்த மூச்சுதான்.

விசிறி இல்லாத மூலையில் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்க முடியாது. பத்து வரிக்கு ஒருமுறை வெளியே வந்து விசிறியைப் போட்டு வியர்வை துடைத்துக்கொண்டு போங்கள். போனை மட்டும் அசைக்காதீர்கள்.

நடுவே பைக் போனால் வரியை முடித்துவிட்டு, அது முழுதும் ஓயும்வரை காத்திருந்து, அந்த வரியை மறுபடி சொல்லுங்கள். "மெதுவாத்தான் கேட்டுச்சு, போகட்டும்" என்று விட்ட வரிதான் எடிட்டிங்கில் கழுத்தைப் பிடிக்கும்.

8. கோப்பைக் கெடுக்காமல் மாற்றுவது

மூலையைக் கலைப்பதற்கு முன் எல்லா வரியும் இருக்கிறதா என்று தாளோடு ஒப்பிட்டுக் கேளுங்கள். கணினிக்கு கேபிள் வழியாக மாற்றுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பியே ஆக வேண்டுமென்றால் ஆடியோவாக அனுப்பாமல் டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள். நல்ல வரிகளை மட்டும் வெட்டி, L07_T2.wav (வரி 7, இரண்டாம் முறை) என்று பெயரிட்டால் இரண்டு வாரம் கழித்துத் திறந்தாலும் புரியும்.

9. சுத்தம் செய்வது, பொருத்துவது

இலவசமாகக் கிடைக்கும் Audacity போதும். விண்டோஸில் m4a கோப்பைத் திறக்க மறுத்தால் FFmpeg என்ற துணைத் தொகுப்பை நிறுவ வேண்டும். WAV என்றால் இந்தத் தொல்லை இல்லை.

முதலில் High-Pass Filter. ஆண் குரலுக்கு 80 ஹெர்ட்ஸ், பெண் குரலுக்கு 100 ஹெர்ட்ஸ். தரையில் நடந்த அதிர்வும் தூரத்து லாரியும் இதில் போய்விடும். பிறகு தேவைப்பட்டால் மட்டும் Noise Reduction: சேமித்து வைத்த மௌனத்தைத் தேர்ந்தெடுத்து Get Noise Profile, அதன்பின் முழுப் பதிவையும் தேர்ந்தெடுத்து 6 டெசிபல். 20 வைத்தால் இரைச்சல் மறையும், குரல் தகரமாகும். 6 போதவில்லையென்றால் தவறு மூலையில் இருக்கிறது, மென்பொருளில் இல்லை.

இனி வீடியோ எடிட்டரில் பழைய ஒலியை அழிக்காமல் ஒரு தடத்தில் வைத்துக்கொண்டு, அதற்குக் கீழே புதிய வரிகளை ஒவ்வொன்றாக வையுங்கள். பழைய அலைவடிவத்தின் மேடும் புதியதன் மேடும் நேர்க்கோட்டில் வரும்படி நகர்த்துங்கள். முழுப் பதிவையும் ஒரே துண்டாக வைக்கவே வேண்டாம். போன் வீடியோவின் பிரேம் வேகம் சீராக இருப்பதில்லை. சில எடிட்டர்களில் தொடக்கத்தில் பொருந்தியது மூன்றாவது நிமிடத்தில் நழுவியிருக்கும். வரிவரியாக வைத்தால் அந்தச் சிக்கல் வராது.

வரி 7-ஐ எடுத்துக்கொள்வோம். பழையது 3.5 நொடி. புதியது 3.8 நொடி. வேகத்தைக் கூட்டிச் சுருக்கத் தோன்றும், வேண்டாம். "இந்த மண்ணுல" என்பதற்குப் பின்னால் உள்ள இடைவெளியைப் பாருங்கள். அங்கே 0.2 நொடியும் "பாதிக்குப் பாதி"க்குப் பின்னால் 0.1 நொடியும் வெட்டிவிட்டால் கணக்கு முடிந்தது. முதலில் "மண்ணுல"வின் ம-வை உதடு மூடும் பிரேமில் வைத்து, பிறகு "மண்புழு"வின் ம-வைச் சரிபார்த்தால் நடுவில் உள்ளது தானே அமரும். வெட்டிய இடத்தில் "டிக்" என்று கேட்டால் இரண்டு முனையிலும் ஒலி மெல்லத் தேய்ந்து ஏறும்படி சிறிய ஃபேட் கொடுங்கள்.

எவ்வளவு பிசகு பரவாயில்லை? ஒலி படத்தை 45 மில்லி நொடி முந்தினால் பார்ப்பவர் உணரத் தொடங்குவார், பிந்தினால் 125 மில்லி நொடி வரை உணரமாட்டார் என்று ஐடியு எனும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஒளிபரப்புப் பரிந்துரை ஒன்று கணக்குச் சொல்கிறது. 25 பிரேம் வீடியோவில் ஒரு பிரேம் 40 மில்லி நொடி. ஆகவே ஒரு பிரேம் முந்தினாலே எல்லைக்குப் பக்கத்தில் வந்துவிடும். இரண்டு பிரேம் பிந்தினாலும் தப்பிக்கலாம். சந்தேகமாக இருந்தால் ஒலியை வலப்பக்கம், அதாவது பிந்தும்படி தள்ளுங்கள்.

10. மாடியைத் திரும்பக் கொண்டுவருவது

எல்லா வரியும் அமர்ந்ததும் பழைய தடத்தை ஊமையாக்கி ஓட்டினால் ஏமாற்றமாக இருக்கும். குரல் சுத்தம், ஆனால் படத்தின் மேல் ஒட்டிய ஸ்டிக்கர்போல் தனியாக நிற்கும். வரிகளுக்கு நடுவே முழு மௌனம் விழுவதுதான் காரணம். மாடி ஒருபோதும் மௌனமாக இருக்காது.

காற்றடிக்காத ஒரு காலையில் அதே மாடிக்குப் போய், கைப்பிடிச் சுவரின் மறைவில் போனை வைத்து, யாரும் பேசாமல் இரண்டு நிமிடம் பதியுங்கள். குருவி, தூரத்துத் தெரு, எங்கோ பாத்திரம் கழுவும் சத்தம். இதை வீடியோ முழுவதும் மூன்றாவது தடமாக ஓடவிட்டு, குரலைவிட 20 முதல் 25 டெசிபல் தாழ்த்துங்கள். அது இருக்கிறது என்று தெரியக்கூடாது. அணைத்தால் மட்டும் ஏதோ போய்விட்டது என்று தோன்ற வேண்டும். தொட்டி நகர்த்தும் ஒலி, தண்ணீர் ஊற்றும் ஒலி பழைய தடத்தில் காற்றில்லாமல் கிடைத்தால் அந்தத் துண்டுகளை மட்டும் திறந்துவிடுங்கள். கிடைக்காவிட்டால் ஒரு தொட்டியைத் தரையில் தேய்த்துப் பதிந்துகொள்ளலாம்.

கடைசிச் சோதனையை இயர்போனில் செய்யாதீர்கள். போன் ஸ்பீக்கரில், மின்விசிறி ஓடும் கூடத்தில், பாதி ஒலியளவில் ஓட்டி, இந்த வீடியோவைப் பார்த்திராத ஒருவரிடம் கொடுங்கள். குரல் மாற்றியதைச் சொல்லாதீர்கள். பார்த்து முடித்ததும், மண் கலவை எந்த அளவு என்று கேளுங்கள். "பாதிக்குப் பாதி" என்று பதில் வந்தால் வீடியோவை ஏற்றலாம். "வாய் ஒரு மாதிரி இருக்கே" என்று வந்தால் எந்த நேரத்தில் என்று கேட்டு, தாளில் அந்த வரியை வட்டமிட்டுக்கொண்டு 9-ஆம் படிக்குத் திரும்புங்கள்.